கேண்டிடேட் கீ கேள்வி: ஒன்று கிடைத்ததும் பேனாவை மூடாதீர்கள்

டேட்டாபேஸ் தேர்வில் எனக்கு வந்த கேள்வி இது. ஆறு ஆட்ரிபியூட்கள், ஆறு ஃபங்ஷனல் டிபெண்டென்சிகள், கேண்டிடேட் கீகள் எல்லாவற்றையும் கண்டுபிடிக்க வேண்டும். நாலைந்து நிமிடத்தில் AC என்று ஒரு கீ கிடைத்தது. சரிபார்த்தேன், சரியாக இருந்தது, அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். விடைத்தாள் கைக்கு வந்தபோது பக்கத்தில் சிவப்பு மையில் "மற்ற இரண்டு எங்கே?" என்று எழுதியிருந்தது. அந்த இரண்டையும் விட்டதால் அடுத்து வந்த நார்மல் ஃபார்ம் கேள்வியிலும் மதிப்பெண் போனது.

ஒன்றைக் கண்டுபிடிப்பது சுலபம். எல்லாவற்றையும் கண்டுபிடித்து, இனி வேறு இல்லை என்று உறுதியாகச் சொல்வதில்தான் சிக்கல். அதே கேள்வியை வைத்தே படிப்படியாகப் போகலாம். கையில் ஒரு தாளும் பேனாவும் இருக்கட்டும்.

```
R(A, B, C, D, E, G)

AC → AB
C  → D
BD → C
D  → E
E  → D
B  → G
```

ஃபங்ஷனல் டிபெண்டென்சி என்பதை இனி சுருக்கமாகச் சார்பு என்கிறேன். கேண்டிடேட் கீ என்பது, தெரிந்தால் மற்ற எல்லா ஆட்ரிபியூட்களும் தெரியவரும், ஆனால் தேவையற்ற எழுத்து ஒன்றுகூட இல்லாத ஆட்ரிபியூட் தொகுப்பு.

## 1. அம்புக்குறியைச் சரியாக வாசியுங்கள்

C → D என்றால், எந்த இரண்டு வரிசைகளில் C ஒன்றாக இருக்கிறதோ, அவற்றில் D-யும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று பொருள். அவ்வளவுதான். D ஒன்றாக இருந்தால் C-யும் ஒன்றாக இருக்கும் என்று அது சொல்லவில்லை. அம்புக்கு ஒரே திசைதான். இந்தக் கேள்வியில் D → E, E → D இரண்டும் தனித்தனியாகக் கொடுக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். ஒன்று இன்னொன்றிலிருந்து தானாக வராது என்பதால்தான் இரண்டையும் எழுத வேண்டியிருக்கிறது.

இடப்பக்கத்தில் இரண்டு எழுத்து இருந்தால் இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். BD → C என்பதை B → C, D → C என்று பிரிக்கக் கூடாது. நண்பர்களின் தாள்களில் நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். வலப்பக்கத்தைப் பிரிக்கலாம், இடப்பக்கத்தைப் பிரிக்கக் கூடாது.

## 2. சார்புகளை உடைத்து, எண் போட்டு எழுதுங்கள்

கேள்வித்தாளில் இருப்பதை வைத்தே கணக்குப் போடத் தொடங்காதீர்கள். விடைத்தாளில் புதிதாக எழுதுங்கள். வலப்பக்கத்தில் ஒரே ஓர் எழுத்து வரும்படி ஒவ்வொரு சார்பையும் உடையுங்கள். நம் கேள்வியில் AC → AB மட்டும் இரண்டாக உடையும்: AC → A, AC → B. முதலாவதைப் பாருங்கள். A இடப்பக்கத்திலேயே இருக்கிறது, எனவே அது எதையும் புதிதாகச் சொல்லவில்லை. அதை அடித்துவிடுங்கள்.

```
1. AC → B
2. C  → D
3. BD → C
4. D  → E
5. E  → D
6. B  → G
```

அந்த AC → A கேள்வியில் தெரியாமல் நுழைந்தது அல்ல, வேண்டுமென்றே வைக்கப்பட்டது. அதை அடிக்காமல் விட்டால் A வலப்பக்கத்திலும் வருவதுபோலத் தோன்றும். அதனால் விடை தப்பாகிவிடாது, ஆனால் நாலாம் படியில் உங்கள் வேலை இரட்டிப்பாகும்.

## 3. குளோஷர் போடும்போது பட்டியலைத் திரும்பச் சுற்றுங்கள்

ஓர் ஆட்ரிபியூட் தொகுப்பின் குளோஷர் என்றால், அந்தத் தொகுப்பு தெரிந்தால் வேறு எவையெல்லாம் தெரியவரும் என்ற முழுப் பட்டியல். X-இன் குளோஷரை X⁺ என்று எழுதுவோம். செய்முறை இப்படி: முதலில் X-ஐ அப்படியே எழுதுங்கள். பிறகு சார்புகளை 1 முதல் 6 வரை வரிசையாகப் பாருங்கள். எந்தச் சார்பின் இடப்பக்கம் முழுவதும் ஏற்கெனவே உங்கள் பட்டியலில் இருக்கிறதோ, அதன் வலப்பக்கத்தைப் பட்டியலில் சேருங்கள்.

கடைசிச் சார்பைத் தாண்டியதும் முடிந்துவிட்டது என்று நினைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். அந்தச் சுற்றில் ஒரே ஓர் எழுத்து புதிதாகச் சேர்ந்திருந்தாலும், மறுபடி 1-இலிருந்து தொடங்க வேண்டும். ஒரு முழுச் சுற்றில் எதுவுமே சேராதபோதுதான் நிறுத்தலாம். ஆறு எழுத்தும் வந்துவிட்டால் அப்போதே நிறுத்தலாம், இனிச் சேர்க்க எதுவும் இல்லை.

ABE-ஐ எடுத்துப் பார்ப்போம். இது ஏன் நல்ல உதாரணம் என்று ஒரு நிமிடத்தில் தெரியும்.

முதல் சுற்றில் 1-க்கு C வேண்டும், இல்லை. 2-க்கும் C வேண்டும், இல்லை. 3-க்கு B இருக்கிறது, D இல்லை, எனவே தாண்ட வேண்டியதுதான். 4-க்கு D இல்லை. 5-க்கு E இருக்கிறது, D சேர்கிறது. 6-க்கு B இருக்கிறது, G சேர்கிறது. இப்போது பட்டியல் A, B, D, E, G. இங்கே நிறுத்தினால் "C வரவில்லை, ABE கீ இல்லை" என்று எழுதிவிடுவீர்கள். நான் எழுதியிருப்பேன்.

இரண்டாம் சுற்றில் 3-ஆம் சார்புக்கு வரும்போது B-யும் இருக்கிறது, சற்று முன் சேர்ந்த D-யும் இருக்கிறது. C உள்ளே வருகிறது. ஆறும் வந்துவிட்டன.

```
ABE⁺
தொடக்கம்:  A B E
சுற்று 1:   A B E D (5)  G (6)
சுற்று 2:   A B E D G C (3)
```

அடைப்புக்குறிக்குள் இருப்பது எந்தச் சார்பால் அந்த எழுத்து வந்தது என்ற எண். இதை எழுதும் பழக்கம் இரண்டு விதத்தில் கைகொடுக்கும். எங்கேயாவது தடுக்கி விழுந்தால் எங்கே என்று உடனே தெரியும். திருத்துபவருக்கும் நீங்கள் ஊகித்து எழுதவில்லை என்று தெரியும்.

## 4. ஆட்ரிபியூட்களைப் பிரித்து வைத்தால் பாதி வேலை குறையும்

ஆறு எழுத்துகளிலிருந்து 63 தொகுப்புகள் செய்யலாம், வெற்றுத் தொகுப்பைக் கணக்கில் எடுக்காமலேயே. அத்தனைக்கும் குளோஷர் போட்டால் மணி அடித்துவிடும். உடைத்து எழுதிய பட்டியலைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தும் எந்தப் பக்கம் வருகிறது என்று குறியுங்கள்.

```
இடப்பக்கம் மட்டும்:  A
வலப்பக்கம் மட்டும்:  G
இரு பக்கமும்:        B C D E
```

A எந்தச் சார்பின் வலப்பக்கத்திலும் இல்லை. அதாவது வேறு எதைக் கொண்டும் A-ஐ வரவழைக்க முடியாது. எனவே ஒவ்வொரு கீயிலும் A இருந்தே ஆக வேண்டும். இப்படிக் கட்டாயம் இருக்க வேண்டியவற்றை மையம் என்று வைத்துக்கொள்வோம். இங்கே மையம் A மட்டுமே.

G-யின் கதை நேர்மாறு. அது வலப்பக்கம் மட்டுமே வருவதால் வேறு எதையும் வரவழைக்க உதவாது. கீயிலிருந்து அதை எடுத்துவிட்டாலும் மற்றவற்றால் அது திரும்ப வந்துவிடும். ஆகவே எந்தக் கேண்டிடேட் கீயிலும் G வராது. இனி B, C, D, E நான்கில் எவற்றை A-உடன் சேர்ப்பது என்பதே கேள்வி. 63 என்பது 16 ஆகச் சுருங்கிவிட்டது, அதிலும் பாதியைத்தான் போடப்போகிறோம். AC → A-வை அடிக்காமல் விட்டவருக்கு A-யும் இரு பக்கப் பட்டியலில் போய் உட்காரும், 16 என்பது 32 ஆகும்.

இங்கே ஒரு பொறி உண்டு, நம் கேள்வியில் இல்லை, ஆனால் அடிக்கடி வருவது. R-இல் H என்று ஏழாவது ஆட்ரிபியூட் இருந்து, எந்தச் சார்பிலும் அது தலைகாட்டவே இல்லை என்று வையுங்கள். சார்புகளை மட்டும் பார்த்துப் பிரிப்பவர்களின் கண்ணில் H படவே படாது. வலப்பக்கத்தில் இல்லாததால் அதுவும் மையத்தைச் சேர்ந்ததுதான், எல்லாக் கீயிலும் H இருக்கும். அதனால் எழுத்துகளைப் பிரிக்கும்போது சார்புப் பட்டியலிலிருந்து அல்ல, R-இன் அடைப்புக்குறியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து டிக் போடுங்கள்.

## 5. மையத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு எழுத்தாக ஏறுங்கள்

முதலில் மையத்தின் குளோஷர். அதிலேயே எல்லா எழுத்தும் வந்துவிட்டால் மையம்தான் ஒரே கேண்டிடேட் கீ, வேலை முடிந்தது. நமக்கு A⁺ = A மட்டுமே, எனவே ஏற வேண்டும். (மையம் காலியாக இருக்கும் கேள்விகளும் உண்டு. A → B, B → C, C → A என்று வட்டமாக வருவது அப்படிப்பட்டது. அப்போது தனி எழுத்துகளிலிருந்தே தொடங்குங்கள்.)

ஓர் எழுத்தைச் சேர்த்துப் பார்ப்போம்:

```
AB⁺ = A B G              இல்லை
AC⁺ = A C B D G E        கீ
AD⁺ = A D E              இல்லை
AE⁺ = A E D              இல்லை
```

AC கிடைத்துவிட்டது. நான் தேர்வில் நின்ற இடம் இதுதான். AC-க்கு இரண்டே எழுத்து, இதைவிடச் சின்னது இல்லை, எனவே இதுதான் விடை என்று நினைத்தேன். கேண்டிடேட் கீ என்பதற்கு எழுத்துகளின் எண்ணிக்கை எல்லாவற்றிலும் குறைவாக இருக்க வேண்டும் என்ற விதியே கிடையாது. அதிலிருந்து எந்த எழுத்தை எடுத்தாலும் கீ தன்மை போய்விட வேண்டும், அதுதான் விதி. இரண்டெழுத்துக் கீயும் மூன்றெழுத்துக் கீயும் ஒரே அட்டவணையில் தாராளமாக இருக்கலாம்.

எனவே மேலே ஏறுகிறோம், ஆனால் ஒரு சலுகையுடன். AC-ஐ உள்ளடக்கிய எந்தத் தொகுப்பையும் இனித் தொட வேண்டாம். அதற்குள் ஏற்கெனவே ஒரு கீ இருப்பதால் அது கேண்டிடேட் கீ ஆகவே முடியாது. C-ஐ ஒதுக்கிவிட்டால் மிச்சம் B, D, E. அவற்றிலிருந்து இரண்டிரண்டாக எடுக்க வேண்டும்:

```
ABD⁺ = A B D C E G       கீ
ABE⁺ = A B E D G C       கீ
ADE⁺ = A D E             இல்லை
```

அடுத்து மூன்று எழுத்துகளைச் சேர்த்தால் C இல்லாமல் ABDE ஒன்றுதான் உண்டு. அதற்குள் ABD இருக்கிறது, எனவே தேவையில்லை. முடிந்தது. AC, ABD, ABE என்று மூன்று கேண்டிடேட் கீகள்.

செலவைக் கணக்குப் பாருங்கள்: A, அதற்கு மேல் நான்கு, அதற்கு மேல் மூன்று. மொத்தம் எட்டு குளோஷர்கள். பழகிய பிறகு எனக்கு இந்த மாதிரிக் கேள்வி பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. முதல் சில தடவை அதற்கு இரண்டு மடங்கு ஆகலாம்.

இந்த எட்டு வரிகளையும், "இல்லை" என்று வந்தவை உட்பட, விடைத்தாளில் எழுதுங்கள். வேறு கீ இல்லை என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஆதாரம் அந்த "இல்லை" வரிகள்தான். ரஃப் வேலை என்று கடைசிப் பக்கத்தில் கிறுக்கி அடித்துவிட்டால், திருத்துபவர் கண்ணுக்கு மூன்று கீகளும் வானத்திலிருந்து விழுந்தது போலத் தெரியும்.

## 6. கீழிருந்து ஏறாதவர்கள் செய்ய வேண்டிய சோதனை

மேலே சொன்ன வழியில் சிறியதிலிருந்து பெரியதாகப் போனால், கிடைப்பது தேவையற்ற எழுத்து இல்லாத கீயாகவே இருக்கும், தனியாகச் சோதிக்க வேண்டாம். ஆனால் கேள்வியே "ABC கேண்டிடேட் கீயா?" என்று கேட்டால் சோதித்தாக வேண்டும். ABC⁺ போட்டால் ஆறும் வரும், அதனால் அது சூப்பர் கீ. பலர் இந்த இடத்தில் "ஆம்" என்று எழுதிவிடுகிறார்கள். ஒவ்வோர் எழுத்தாக எடுத்துப் பாருங்கள். B-ஐ எடுத்தால் மிச்சம் AC, அதன் குளோஷரிலேயே எல்லாம் வந்துவிடுகிறது. எனவே ABC சூப்பர் கீ, கேண்டிடேட் கீ அல்ல.

ஒரு நேரத்தில் ஓர் எழுத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதும். இரண்டு எழுத்தை எடுத்த தொகுப்பு கீயாக இருந்தால், அதோடு ஒன்றைத் திரும்பச் சேர்த்த தொகுப்பும் எல்லாவற்றையும் தந்திருக்கும், அது முன்பே அகப்பட்டிருக்கும்.

## 7. எதுவும் விடுபடவில்லையா என்று இன்னொரு வழியில் பாருங்கள்

தேர்வு முடிய ஐந்து நிமிடம் இருந்தால் இதைச் செய்யுங்கள். கையில் உள்ள ஒரு கீயை எடுங்கள். அதில் உள்ள ஓர் எழுத்து எந்தச் சார்பின் வலப்பக்கத்தில் வருகிறது என்று தேடுங்கள். அந்த எழுத்தை நீக்கிவிட்டு, அந்தச் சார்பின் இடப்பக்கத்தை அங்கே போடுங்கள். கிடைப்பது நிச்சயம் சூப்பர் கீயாக இருக்கும். அதற்குள் தெரிந்த கீ எதுவும் இல்லையென்றால் உள்ளே புதுக் கீ ஒன்று ஒளிந்திருக்கிறது. தேவையற்ற எழுத்துகளை நீக்கி அதை வெளியே எடுங்கள்.

AC-இல் A எங்கும் வலப்பக்கம் வராது. C வருவது 3-இல், BD → C. C-க்குப் பதில் BD போட்டால் ABD. அதற்குள் AC இல்லை. ஓர் எழுத்தைக் குறைத்துப் பார்த்தாலும் தாங்கவில்லை, எனவே அது புதுக் கீ.

ABD-இல் B வருவது 1-இல். B-க்குப் பதில் AC போட்டால் ACD, அதற்குள் AC இருக்கிறது, விடுங்கள். D வருவது 2-இலும் 5-இலும். 2-இன்படி C போட்டால் ABC, அதற்குள்ளும் AC. 5-இன்படி E போட்டால் ABE, இது புதிது. ABE-இல் B-ஐ மாற்றினால் ACE, உள்ளே AC. E-ஐ 4-இன்படி மாற்றினால் ABD, ஏற்கெனவே தெரிந்தது.

கையில் உள்ள எல்லாக் கீகளிலும் எல்லா மாற்றத்தையும் செய்து பார்த்தாயிற்று, புதிதாக எதுவும் வரவில்லை. அப்படியென்றால் வேறு கீ இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். AC கையில் இருந்த அன்று BD → C என்ற ஒரே வரியை நான் இப்படித் திருப்பிப் பார்த்திருந்தால் போதும்.

## 8. இதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் கேள்விகள்

ஏதாவது ஒரு கேண்டிடேட் கீயில் இடம்பெறுவது பிரைம் ஆட்ரிபியூட். நமக்கு A, B, C, D, E ஐந்தும் பிரைம், G மட்டும் இல்லை. AC-யோடு நின்றுவிட்டவருக்கு A, C மட்டும்தான் பிரைம் என்று தோன்றும். நான் அப்படித்தான் "C → D பகுதிச் சார்பு, எனவே இரண்டாம் நார்மல் ஃபார்மில் இல்லை" என்று எழுதினேன். முடிவு சரி, காரணம் தவறு. D பிரைம் என்பதால் C → D இரண்டாம் நார்மல் ஃபார்மை மீறவே இல்லை. மீறுவது B → G. B என்பது ABD-இன் ஒரு பகுதி, G பிரைம் அல்ல. AC மட்டும் தெரிந்தவருக்கு B எந்தக் கீயின் பகுதியாகவும் தோன்றாது, அதனால் உண்மையான காரணம் அவர் கண்ணில் படாது.

இன்னொன்று, சூப்பர் கீகள் எத்தனை என்று கேட்பார்கள். கீகள் ஒன்றின்மேல் ஒன்று படிவதால் தனித்தனியாக எண்ணிக் கூட்டினால் ஒரே தொகுப்பை இரண்டு முறை எண்ணிவிடுவோம். C இருக்கிறதா இல்லையா என்று பிரித்தால் சுலபம். A எப்படியும் இருக்கும். C இருந்தால் B, D, E, G நான்கும் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி: 16 தொகுப்புகள். C இல்லையென்றால் B கட்டாயம், D, E இரண்டில் ஒன்றாவது வேண்டும், அதற்கு மூன்று வழிகள். G இருப்பதும் இல்லாததுமாக அதை இரண்டால் பெருக்கினால் ஆறு. ஆக 22 சூப்பர் கீகள். 16 + 8 + 8 என்று கூட்டி 32 என்று எழுதுபவர்கள் உண்டு. A உள்ள தொகுப்புகளே மொத்தம் 32-தான், அவற்றில் AB-உம் ADE-உம் கீ இல்லை என்று ஐந்தாம் படியிலேயே பார்த்துவிட்டோம்.